ஒரே போனில் இரண்டு பேர்

கண் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவள் எழுதிய குவெரி ஒன்று, பதிவேட்டிலிருந்து பெயர்களைத் தேடியெடுக்கும் கட்டளை, தினமும் இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடி, மறுநாள் பரிசோதனைக்கு வரவேண்டியவர்களுக்கு எஸ்எம்எஸ் பட்டியல் போடும். பிரசவ விடுப்புக்கு முந்தின நாள், இனி அதைக் கவனிக்கப்போகும் சகாவுக்கு மெயில் எழுத உட்கார்ந்தாள்.

"இரவு ஒரு மணிக்குள் அன்றைய பதிவுகள் வந்துவிடும் என்று நம்பித்தான் இது ஓடுகிறது. வராவிட்டால் பழைய பட்டியலே போகும். பிழை என்றும் காட்டாது. தேதியை நாம்தான் பார்க்க வேண்டும். ஒரு போன் நம்பருக்கு ஒரே ஆள் என்றும் வைத்திருக்கிறேன். ஒரே நம்பரில் இருவர் இருந்தால்..."

விரல் அப்படியே நின்றது. மாமனாருக்கும் மாமியாருக்கும் ஒரே போன்தான். போன வாரம் இருவருக்கும் இதே ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் பரிசோதனை. செய்தி அத்தை பெயருக்கு மட்டும் வந்தது. நாளைத் தவறவிட்ட மாமனார், "எனக்கு வரலையேம்மா" என்று எவ்வளவோ சொல்லியும், "நீங்கதான் அழிச்சிருப்பீங்க" என்று இவள் வாயை அடைத்திருந்தாள்.

"ஒருவர் விடுபடுவார்" என்று எழுதி முடித்து அனுப்பிவிட்டு, வீட்டுக்கு போன் போட்டாள்.

"மாமா, தப்பு உங்க மேல இல்ல. என் குவெரிதான் உங்கள விட்டுடுச்சு."

"இரு இரு, ஸ்பீக்கர்ல போடறேன். உங்க அத்தை காதுல விழற மாதிரி இன்னொரு தடவை சொல்லு!"

சொன்னாள். சாயங்காலத்துக்குள் சகாவின் பதில் வந்தது: "நம்பரோட நோயாளி எண்ணையும் சேர்த்துட்டேன், இனி ரெண்டு பேருக்கும் போகும். நீங்க நிம்மதியா பெத்துட்டு வாங்க."