சகலையின் கொட்டேஷன்

என் மாமியார் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும்போதே நல்லி எலும்பு யாருக்கு என்பது முடிவாகியிருக்கும். அது என் சகலைக்கு. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். நான் பி.காம். படித்துவிட்டு, சின்னசேலத்தை ஒட்டிய ஒரு ஜவ்வரிசி ஆலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். அவர் எட்டாவதோடு நின்று, லாரியில் கிளீனராக ஏறியவர். இன்றைக்கு அவருக்கு மூன்று லாரியும் ஒரு மாடி வீடும் உண்டு. திருநாவலூர்ப் பக்கம் இருக்கும் மாமியார் வீட்டுக்கு நான் டவுன் பஸ்ஸில் போய் இறங்குவேன். அவர் காரில் வருவார். கார் சத்தம் கேட்டதுமே மாமியார் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். எனக்காக அவர் ஒருநாளும் ஓடியதில்லை.

இதில் எரிச்சலான விஷயம், சகலை நல்ல மனிதர். தலைக்கனம் இருந்தாலாவது வாயார ஏசிவிட்டுப் போகலாம். "இன்னா சகல, எளைச்சிப் போயிட்டே" என்று தன் இலையில் விழுந்த கறியை எடுத்து என் இலையில் வைப்பார். அந்தத் துண்டை மென்று விழுங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

எங்கள் ஆலைக்குக் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு வரும். பிடுங்கிய கிழங்கு ஓரிரண்டு நாளில் ஆலைக்கு வந்தாக வேண்டும், கிடந்தால் மாவுச்சத்து இறங்கிவிடும். அதனால் சீசன் முழுக்க ஏற்றி வர ஒரே லாரிக்காரரிடம் ஒப்பந்தம் போடுவோம். நான்தான் நிபந்தனைகளைத் தட்டச்சு செய்து, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, லாரிக்காரர்களுக்கு அனுப்புவேன். அவர்கள் விலையை எழுதி, ஒட்டிய கவரில் தருவார்கள். கவர்கள் பூட்டிய பெட்டிக்குள் போகும். குறித்த நாளில் மேனேஜர், அக்கவுண்டன்ட், நான், மூவரும் உட்கார்ந்து பிரிப்போம்.

அந்த வருடம் நிபந்தனைகளை எழுதுவதற்கு முதல்நாள் மாமியார் போன் செய்தார். "பெரிய மாப்பிள உங்க மில்லுக்கு வண்டி உட எழுதிப் போடப் போறாராம். அவரு கை வச்சா எதுவும் நடக்கும்." என் ஆலை. நான் எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் நாற்காலி. அங்கேயும் அவர் கை வைக்க வேண்டுமா என்று வயிறு எரிந்தது.

மறுநாள் நிபந்தனைகளில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். லாரி எட்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. சகலையின் மூன்று வண்டியும் பத்து வருடத்தைத் தாண்டியவை. மலைப்பாதை, பாதுகாப்பு என்று பதிலையும் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. மேனேஜர் வேலை மும்முரத்தில் கையெழுத்துப் போட்டார்.

அப்படியும் சகலையின் கவர் வந்து பெட்டிக்குள் விழுந்தது. முதல் பார்வையிலேயே தள்ளுபடியாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததும் இன்னொரு ஆசை வந்தது. கொட்டேஷன் போட்டவர்களில் சொந்தக்காரர் இருந்தால், கவர் பிரிக்கும் முன் மேனேஜரிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. சொல்லிவிட்டால் எனக்குத்தானே பெருமை? சொந்த சகலையாக இருந்தும் தயவு காட்டாமல் தள்ளினான் என்று நாலு பேர் பேசுவார்கள். அவரை விட ஒரு விஷயத்திலாவது நான் உயரமாக நிற்கலாம்.

திங்கட்கிழமை கவர் பிரிப்பதாக இருந்தது. சனிக்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போனேன். ஆலை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், மூக்கு நுனியில் கண்ணாடி.

"சார், கொட்டேஷன் போட்டதுல ஒருத்தரு எங்க சகல. முன்னாடியே சொல்லிடணும்னு வந்தேன்."

அவர் ஆச்சரியப்படவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தள்ளினார். கவரோடு லாரிக்காரர்கள் தனியாகத் தரும் பதிவுப் படிவம் அது. ஆலையில் உறவினர் உண்டா என்ற இடத்தில், சகலையின் கோணல் கையெழுத்தில் என் பெயர் இருந்தது. கீழே ஒரு வரி: 'எனக்காக அவர் தப்பு செய்ய மாட்டார். நல்ல மனுஷன்.'

"நாலு நாளா பார்த்துக்கினு இருக்கேன், நீ வருவியா மாட்டியான்னு" என்றார் மேனேஜர்.

இதிலும் சகலை முந்திக்கொண்டார். அந்த 'நல்ல மனுஷன்' எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. தாளை மறுபடி படித்தேன்.

"சரி, திங்கக்கிழமை நீ உக்கார வேணாம். உனுக்குப் பதிலா யார்டு சூப்பர்வைசர் உக்காரட்டும்" என்றார் அவர். அதோடு நான் எழுந்திருக்கலாம். தாளை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

"இன்னும் ஒண்ணு சார். அந்த எட்டு வருஷம்னு போட்ட வரி... அவரு வரக்கூடாதுன்னுதான் போட்டேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "சொந்தக்காரன உள்ள தள்ளப் பார்க்கிறவனப் பார்த்திருக்கேன். வெளிய தள்ளுறவன இப்பதான் பார்க்கறேன். ஏம்பா, உங்களுக்குள்ள சண்டையா?"

"இல்ல சார்."

"அப்புறம் இன்னா?"

வாயில் வந்துவிட்டது. "பொறாமை சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "மலை ரோட்டுக்கு வண்டி வயசா முக்கியம்? எஃப்.சி. சர்ட்டிபிகேட் இருக்குதா, பிரேக்கு நிக்குதா, டிரைவருக்கு அந்த வளைவெல்லாம் பழக்கமா, அத்தானே பார்க்கணும். நானும் பார்க்காம கையெழுத்துப் போட்டேன், அது என் தப்பு. ஆனா ஒண்ணு, கவரு பிரிச்ச பிறகு இது தெரிஞ்சிருந்தா உன்ன வூட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார்.

கவர் பிரிப்பது தள்ளிப்போனது. அந்த வரியை எடுத்துவிட்டதாக, முதலில் யார் யாருக்கு அனுப்பினோமோ அத்தனை பேருக்கும் கடிதம் போனது. கவர் போட்டவர்கள் வேண்டுமானால் திரும்ப வாங்கி, புதிதாக எழுதித் தரலாம். அந்தக் கடிதத்தைக் கூட என்னைத் தட்டச்சு செய்ய விடவில்லை. என் கையில் வேறொரு தாளை, சொந்தத்தை அறிவிக்கும் படிவத்தைக் கொடுத்தார்கள். அதில் உறவு என்ற இடத்தில் சகலை என்று எழுதினேன். முடிவைப் பாதிக்கக்கூடிய வேறு காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 'அவர் மேல் எனக்குப் பொறாமை உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் இன்றும் கோப்பில் இருக்கிறது.

ஒப்பந்தம் சகலைக்கே கிடைத்தது. விலையும் குறைவு, மூன்று வண்டிக்கும் எஃப்.சி. சரியாக இருந்தது, டிரைவர்கள் மலையிலேயே பிறந்தவர்கள். அவருடைய டிரிப் சீட்டிலோ பில்லிலோ நான் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. முதல் லோடு வந்த அன்று, புழுதித் தலையோடு என் மேசை முன் வந்து நின்றார். நான் அடுத்த மேசையைக் காட்டினேன்.

"நீ கையெழுத்துப் போடக் கூடாதாமே சகல? கேட்டதுக்கு உன் மேனேஜரு சிரிச்சாரு, காரணம் சொல்லலே." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவரும் சிரித்தார். "எம்மேல அவ்ளோ பாசமா உனுக்கு?"

அந்தக் கோப்பைப் படித்திருந்த அடுத்த மேசைக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாம் சகல" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.