என் மெட்டுக்கு அடியில் ஒரு குரல்

கல்யாண வீடியோவுக்குப் பின்னணி இசை போடுவதில் திருவாரூர் வட்டாரத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். இதைச் சொன்ன ஒரே ஆள் நான்தான்.

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் ஒரு வசதி இருந்தது. பேச்சு வந்தால் இசை தானாகத் தணியும், பேச்சு நின்றால் தானாக ஏறும். கடைக்கு யார் வந்தாலும் அதைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் டீ வாங்கித் தருவேன்.

நாகூரிலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. பெண்ணின் வாப்பா துபாயில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. மகளுக்கான வாழ்த்தை கேசட்டில் பேசி, ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். நிக்காஹ் முடிந்த காட்சியில் அதைச் சேர்க்க வேண்டும். அடியில் கீபோர்டில் நானே வாசித்த மெட்டைப் போட்டேன். மெட்டு வீணாகக்கூடாதே! அதனால் பேச்சு நின்ற மறுகணமே இசை மேலே வரும்படி வைத்தேன். சின்னச் சின்ன ஓசைக்கெல்லாம் இசை பணிய வேண்டாம் என்று, இசை தணியத் தேவையான சத்த அளவையும் உயர்த்தி வைத்தேன்.

பிரதி எடுக்கும் முன் பார்த்துவிட்டுப் போகப் பெண்ணும் உம்மாவும் வந்தார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, பாராட்டுக்காக அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லா இரும்மா" என்று குரல் நின்றதும் என் மெட்டு ஜம்மென்று எழுந்தது. பெண்ணின் முகம் வாடிப்போனது.

"வாப்பா அவ்வளவுதான் பேசினாங்களா?"

கேசட்டில் அதன் பிறகு வெறும் இடைவெளிதான் என்றேன். சொல்லும்போதே சந்தேகம் வந்தது, ஏனென்றால் அந்த இடத்தில் என் வாசிப்பைத் தவிர வேறெதையும் நான் கேட்டதே இல்லை.

அந்தச் சத்த அளவைக் கீழே இறக்கினேன். ரொம்ப இறக்கினால் கேசட்டின் இரைச்சலையே பேச்சென்று எடுத்துக்கொண்டு இசை எழாமலே கிடக்கும், அதற்குச் சற்று மேலே நிறுத்தினேன். பேச்சு நின்று சில விநாடி கழித்தே இசை மெல்ல ஏறும்படி மாற்றினேன். மெட்டு போன இடம் தெரியவில்லை.

மறுபடி ஓடவிட்டேன். "நல்லா இரும்மா." அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகையை அடக்க முயன்று தோற்ற மாதிரி ஒரு விம்மல். தூரத்தில் யாரோ, "போதும் பாய், அழுவாதீங்க" என்றார்.

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எங்கிட்ட போன்ல சிரிச்சிக்கிட்டேதான் பேசினாங்க" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் பழக்கதோஷம், இசை இப்போது சரியாக இருக்கிறதா என்று கேட்டுத் தொலைத்தேன்.

பெண் கண்ணைத் துடைத்தபடி சொன்னாள், "அந்த எடத்துல பாட்டே வேணாம் அண்ணே."