சாட்சிக் கையெழுத்து

தபால் ஆபீசுக்கு வரச் சொல்லி மனைவி கூப்பிட்டபோது, ஆதார் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். திண்டுக்கல் போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பால் விற்ற காசில் ஐந்து வருடமாக அவள் தன் பெயரில் ஆர்.டி. கட்டியிருக்கிறாள். அது முதிர்ந்துவிட்டது. அந்தப் பணத்தை இப்போது டெபாசிட்டாகப் போடப் போகிறாள். நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகும் நாட்களில், ஏஜெண்ட் அம்மா வீட்டுக்கே வந்து தவணையை வாங்கிப் போயிருக்கிறார்.

அந்த அம்மாதான் விண்ணப்பத்தை நிரப்பினார்.

"நாமினி யாரு? வீட்டுக்காரரா?"

"என் தங்கச்சியப் போடுங்கக்கா."

"ஏத்தா, மனுசன் பக்கத்துலதான நிக்கிறாரு!"

"இவுக கைக்கு வந்தா மறுநாளே இவுக அண்ணன் கைக்குப் போயிரும். என் சங்கிலி அப்படித்தான போச்சு?"

அண்ணன் கேட்டு நான் மறுத்ததில்லை. அது உண்மைதான். ஆனால் ஐந்து வருடம் என்னிடம் வாய் திறக்காதவள், வரிசையில் நின்றவர்கள் கேட்கும்படி அதைச் சொன்னாள்.

"சாட்சிக்கு ரெண்டு பேரு வேணும். நான் ஒண்ணு" என்று அந்த அம்மா பேனாவை என்னிடம் நீட்டினார். இதற்குத்தான் என்னை வரச் சொல்லியிருக்கிறாள். எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும், "டீ குடிக்கிறீகளா? நான் வாங்கித் தாரேன்" என்றாள். வேண்டாம் என்றேன்.

அப்போது அண்ணன் போனில் அழைத்தார். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் எடுக்கவில்லை. அவளுக்காக அல்ல, யாரோடும் பேச எனக்கு மனமில்லை.