பத்தொன்பது பேரும் நானும் ஒரு உப்பும்

சனிக்கிழமை தி.நகரில் வெளிநாட்டுப் படிப்புக்கான ஆங்கிலத் தேர்வு எழுதிவிட்டு, சிந்தாதிரிப்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கினேன். அப்போது எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அறிவியல் படிக்க விரும்பும் பெண்களுக்கான வெளிநாட்டு உதவித்தொகை ஒன்றுக்கு விண்ணப்பம் போட ஞாயிறு மாலை ஐந்து மணி வரைதான் நேரம். வெளிநாட்டில் இடம் கிடைத்தாலும் இந்தப் பணம் இல்லாமல் விமானம் ஏற முடியாது. எல்லாம் தயார். என்னைப் பற்றி நானே எழுத வேண்டிய ஐந்நூறு சொல் கட்டுரைதான் பாக்கி. அதையும் எழுதிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை சித்தி மகள் தன் லேப்டாப்போடு என்னைக் கோட்டூர்புரம் நூலகத்துக்கு இழுத்துப் போனாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், பி.காம். முதலாண்டு. கட்டுரையின் முதல் வரியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாடி இது, லீவு லெட்டரா? பொம்பளைங்களுக்குன்னு குடுக்குற ஸ்காலர்ஷிப்புக்கு இன்னாத்துக்கு 'ரெஸ்பெக்டட் சார்'?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கட்டுரையின் கடைசியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி' வேறு இருந்தது. நடுவில் தலைமையாசிரியர் தொடங்கி பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், பெஞ்சு வாங்கிக் கொடுத்த அரிசி ஆலைக்காரர் வரை அனைவருக்கும் நன்றி. ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்வது எப்போதும் நான்தான். ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு மாதம் பேச்சு கேட்க வேண்டும். அந்தப் பயத்தில் நூற்று எண்பது சொற்களை நன்றிக்கே தாரை வார்த்திருந்தேன். மீதியில், சிறு வயதிலிருந்தே நிலாவைப் பார்த்து வியந்ததாக ஒரு புளுகு. எங்கள் வீட்டில் கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிடுவோம்.

"நிலா கதை எல்லாரும் வுடுவாங்க. உனக்கு நெஜமா எப்போ இது புட்ச்சுது? அத்த சொல்லு."

சொன்னேன். சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைத்தான் சொன்னேன்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. செய்முறைத் தேர்வு நாளில், கொடுக்கப்போகும் உப்பு எது என்று ஆய்வக உதவியாளர் அண்ணன் காதில் சொல்லிவிடுவார். பாவம், நல்ல மனசு. ப்ளஸ் ஒன்னில் இருபது பேருக்கும் அவர் சொன்னது ஜிங்க் சல்பேட். சல்பேட் என்றால் பேரியம் குளோரைடு விட்டதும் வெள்ளையாக வீழ்படிவு வர வேண்டும். எனக்கு வரவில்லை. குழாயைக் குலுக்கினேன், கெஞ்சினேன், வரவே இல்லை. வேறு வழியில்லாமல் மற்ற சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்தேன். சில்வர் நைட்ரேட்டில் தயிர் போல வெள்ளை திரண்டது. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சூடாக்கியதும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறிக் கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரோடு சிரித்தேன். அம்மோனியம் குளோரைடு! உலகத்தில் அந்த நிமிடம் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மழையில் நனைந்து உரிந்த உப்புப் புட்டிகளின் லேபிள்களை அண்ணன் மாற்றி ஒட்டியிருக்கிறார். என் தாளைப் பார்த்த வெளித்தேர்வாளர் தானே சோதித்துப் பார்த்துவிட்டு, ஜிங்க் சல்பேட் என்றே எழுதியிருந்த மற்ற எல்லோரையும் மறுபடி செய்யச் சொன்னார். பத்தொன்பது பேரும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

"இத வுட்டுட்டு நிலாவப் போய் எழுதிக்கினு கீறியே!" அவள் போட்ட சத்தத்துக்கு நூலகர் எட்டிப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுப்போகும்டி."

"பள்ளிக்கூடத்துப் பேரே எழுதாத. நீ இன்னா பண்ணன்னு மட்டும் எழுது."

நன்றி எல்லாம் போயிற்று, அரிசி ஆலைக்காரர் உட்பட. காதில் சொன்னவர் யார் என்று எழுதாமல், 'எங்களுக்கு விடை முன்பே சொல்லப்பட்டிருந்தது' என்று மட்டும் எழுதினேன். நானூற்றுத் தொண்ணூற்றாறு சொற்கள். நாலரைக்கு அனுப்பும் பொத்தானை இருவர் விரலும் சேர்ந்து அழுத்தின. கேன்டீனுக்கு ஓடி ஆளுக்கொரு சமோசா தின்றோம்.

நேர்காணல் காணொளியில், எங்கள் பள்ளிக் கணினி அறையில் நடந்தது. மூன்று பெண்கள் கேள்வி கேட்டார்கள். கடைசியாக ஒருவர், "மற்றப் பெண்கள் அறிவியலுக்கு வர நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றார். தயாரித்து வைத்திருந்த பதில் மறந்தே போயிற்று. "எங்கள் வகுப்பில் பத்தொன்பது பேர் இப்போது யார் விடை சொன்னாலும் நம்புவதில்லை, மேடம். நான் சொன்னால்கூடச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள்" என்றேன். ஜன்னலுக்கு வெளியே குனிந்து ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பத்தொன்பது பேரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். திரையில் இருந்தவர்களும்தான்.

கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்த அன்று, குதித்த குதியில் செருப்பு அறுந்தது. வகுப்புக் குழுவில் செய்தி போட்டேன். வாழ்த்து ஒன்றுகூட வரவில்லை. பத்தொன்பது பேரும் ஒரே பதிலைத்தான் அனுப்பியிருந்தார்கள்: "மெயிலைக் காட்டு. பார்த்துவிட்டுச் சொல்கிறோம்."