செருப்புக் கடைப் பேய்க்குக் கால் வந்த கதை

தேனி கடைவீதியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த ஞானசிகாமணிக்குப் பிள்ளைகள் மூன்று பேர். ஆனால் யாராவது குடும்பத்தைப் பற்றி விசாரித்தால் அவர் பதில் எப்போதும் ஒன்றுதான். "பெரியவன் சென்னையில இருக்கான், சின்னவன் கோயமுத்தூர்ல இருக்கான்," என்று சொல்லிவிட்டு ஒயரை அளக்கப் போய்விடுவார். மூன்றாவதாகப் பிறந்த சாராள் அதே கடையின் பின்கட்டில், அவர் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில், ஈயப் பற்று வைக்கும் சால்டரிங் புகையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மனிதருக்கு மகள் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. பக்கத்திலேயே இருக்கிறவளைச் சொல்வானேன் என்று விட்டுவிடுவார். சாராளுக்கு அது முள் மாதிரி குத்தும், ஆனால் வாய் திறக்க மாட்டாள். அவள் கோபமெல்லாம் கையில் இருக்கும் சால்டரிங் கம்பியோடு சரி.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். சென்னைக்குப் போய் வேலை பார்க்கப் பிடிக்காமல், ஓட்டைக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு எல்.இ.டி. போர்டு செய்து கொடுக்க ஆரம்பித்தாள். ஸ்வீட் ஸ்டால் வாசலில் ஓடும் 'நல்வரவு', லாட்ஜ் வாசலில் சுற்றும் பூ, மருந்துக் கடையில் விட்டு விட்டு எரியும் சிலுவை, எல்லாம் அவள் கைவண்ணம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் எப்போதும் அரைச் சுருதி மேலே பாடுவாள். யாராலும் சொல்லித் திருத்த முடிந்ததில்லை. பிடிவாதக்காரி.

2006-ஆம் வருஷம் அந்தப் பின்கட்டுக்கு ஆபத்து வந்தது. செல்போன் ரீசார்ஜ் கடை வைக்க ஒருவர் இடம் கேட்டு வந்தார். ஞானசிகாமணிக்கு ஆசை தட்டிவிட்டது.

"சாரா, சுருளிவேல் கடை போர்டைச் செஞ்சு குடு. அது நல்லா வந்துச்சுன்னா பாப்போம். சொதப்புச்சுன்னா பின்கட்டை அவருக்கு விட்டுருவேன். பெறகு நீ அண்ணன்கிட்ட சென்னைக்குப் போற, சரியா?" என்றார்.

சரி என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது.

சுருளிவேல் பழனிசெட்டிபட்டியில், கம்பம் ரோட்டு மேல் செருப்புக் கடை திறக்கப் போகிறவர். பரம்பரையாகத் திராட்சைத் தோட்டக்காரர்கள். மனிதருக்குத் திடீரென்று வியாபாரப் பித்து பிடித்துவிட்டது. கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பெண், வெள்ளை விளக்கிலேயே செய்தது, கை கூப்பி நிற்க வேண்டும் என்று கேட்டார்.

"கால்ல செருப்பு போட்டிருக்கணும் தாயி. செருப்புக் கடையில்ல? அப்புறம், கீழ இடம் விடாத. அந்தரத்துல நிக்கிற மாதிரி இருக்கக் கூடாது. போர்டோட அடிவிளிம்புல கால் பதியணும்."

"பதிய வச்சிருவோம்ணே," என்றாள் சாராள்.

படம் வரைவது பெரிய காரியமில்லை. அதைப் போர்டை ஓட்டும் சிப்புக்குள் அடைப்பதுதான் பாடு. மலிவான சிப். ஒவ்வொரு விளக்கும் எரியணுமா வேண்டாமா என்று தனித்தனியாக எழுதி வைக்க அதில் இடம் கிடையாது. அதனால் சாராள் படத்தைச் சுருக்கி வைப்பாள். போர்டை மேலிருந்து கீழே இறங்கும் வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையிலும் ஒரே மாதிரி தொடர்ந்து வருவதை எண்ணி, 'இருட்டு பன்னிரண்டு, வெளிச்சம் இருபத்திரண்டு' என்று எண்ணிக்கையை மட்டும் எழுதுவாள். சிப்பு முதலில் போர்டு முழுவதையும் இருட்டாக்கிவிட்டு, அந்த எண்ணிக்கையைப் படித்து விளக்கைப் போடும். சுருக்குகிற புரோகிராம் அவளே எழுதியது. அதுவரை செய்த அத்தனை போர்டும் அதில் செய்தவைதான். அதன் மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை கடை திறப்பு. புதன்கிழமை சாயங்காலம், இருட்டுகிற நேரத்தில், போர்டை மாட்டி சுவிட்சைப் போட்டார்கள்.

வெள்ளைப் புடவை. கூப்பிய கை. தலை நிறையப் பூ. புடவைக் கரைக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்த ராக்கையா கிளாசைக் கீழே வைத்தார். "ஏ சுருளி, என்னய்யா இது? வெள்ளைச் சேலை கட்டியிருக்கு, காலைக் காணோம். பேயில்ல நிக்கிது!"

போச்சு. பேய்க்குக் கால் கிடையாது என்று யாருக்குத் தெரியாது? பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் பத்தடி தள்ளிப் போய் நின்றார்கள். மினி பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, எட்டிப் பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போனார். சுருளிவேலின் மனைவி சந்தனம்மாள் வீட்டுக்கு ஓடிப்போய் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கொண்டுவந்து போர்டிலேயே கட்டினாள். அதனால் பேய் இன்னும் உண்மையான பேயாகத் தெரிந்தது.

"செருப்புக் கடைக்குக் காலே இல்லாத பொம்பளையா? எவன் வருவான் தாயி?" என்றார் சுருளிவேல். "நாளைக்குள்ள கால் வரலேன்னா போர்டைக் கழட்டிட்டுப் போயிரு."

சாராளுக்குப் பின்கட்டு, ரீசார்ஜ்காரர், சென்னை அண்ணன் வீட்டு ஹால் சோபா என்று எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின. போர்டின் அடியில் இருக்கும் விளக்குகள் அவிந்துவிட்டன என்று நினைத்தாள். எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் போடும் சோதனை பட்டனை அமுக்கினாள். அடிவரை பளிச்சென்று எரிந்தது. சுருக்கி வைத்த படத்துக்கும் அந்தச் சோதனைக்கும் சம்பந்தமில்லை என்பது அப்போது அவள் புத்தியில் ஏறவில்லை. விளக்கு எரிகிறது, கால் மட்டும் எரியவில்லை. ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்து, போர்டுக்குப் பின்னால் போய் நின்று சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் சந்தனம்மாள்தான் வழி சொன்னாள். வழி என்று தெரிந்து சொல்லவில்லை, குறை சொல்ல வாய் திறந்தாள்.

"காலும் செருப்பும் ஒண்ணா ஒட்டிக் கெடந்தா எப்பிடித் தெரியும்? நடுவுல ஒரு கோடு இருட்டு விடு. காலு தனியா, செருப்பு தனியா தெரியட்டும்."

அதற்கும் கால் தெரியாததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சாராள் நினைத்தாள். ஆனாலும் வேறு வழி தெரியாமல் தேனிக்குப் போய்க் காலைச் சற்றுக் குட்டையாக்கி, ஒரு கோடு இருட்டு விட்டு, அடியில் செருப்பை வரைந்து, வேறொரு சிப்பில் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டினாள்.

கால் வந்துவிட்டது. விரல் முதற்கொண்டு வந்துவிட்டது. ஆனால் செருப்பைக் காணோம்.

ராக்கையா டீயோடு வந்து பார்த்தார். "நல்ல மரியாதை தெரிஞ்ச பேய். செருப்பை வெளிய விட்டுட்டு வந்திருக்கு."

"செருப்புக் கடைக்கு வெறுங்கால்!" என்று சுருளிவேல் தலையில் கை வைத்தார். "பேயே தேவலை தாயி!"

சாராள் சிரிக்கவில்லை. நேற்று கால் போனது, இன்று செருப்பு போனது. எது அடியில் இருக்கிறதோ அது போகிறது. பஸ்ஸைப் பிடித்துத் தேனிக்கு ஓடி வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வலது கால் விழுகிற வரிசையை விரல் விட்டு எண்ணினாள். நேற்றைய படத்தில் இருட்டு பன்னிரண்டு, புடவை இருபத்திரண்டு, இருட்டு ஒன்று, கால் ஐந்து. மொத்தம் நாற்பது விளக்கு. புரோகிராம் எழுதி வைத்திருந்ததோ பன்னிரண்டு, இருபத்திரண்டு, ஒன்று. அவ்வளவுதான். ஐந்தைக் காணோம்.

அப்புறம் தன் புரோகிராமைத் தானே படித்தாள். கர்மம். எண்ணிக்கொண்டே போகிறது. வேறு ஜாதி விளக்கு எதிரே வந்தால்தான் அதுவரை எண்ணியதை எழுதுகிறது. இருட்டு வந்தால் வெளிச்சத்தை எழுதும், வெளிச்சம் வந்தால் இருட்டை எழுதும். வரிசையின் அடியில் என்ன வரப் போகிறது? ஒன்றும் வராது. எண்ணுகிற சுற்று, அதாவது லூப், முடிந்துவிடுகிறது. கடைசியாக எண்ணிய ஐந்து, எழுதச் சொல்ல ஆளில்லாமல் கையிலேயே நின்றுவிடுகிறது.

அப்படியானால் இத்தனை வருஷம் எப்படி ஓடியது? ஸ்வீட் ஸ்டாலிலும் லாட்ஜிலும் எழுத்துக்கும் பூவுக்கும் கீழே சும்மா இடம் விட்டிருந்தாள். ஒவ்வொரு வரிசையிலும் கடைசியாக நின்றது இருட்டு. விட்டுப் போனதும் இருட்டுதான். இருட்டு காணாமல் போனால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

"அட முட்டாள் சாராளே!" என்று சத்தமாகவே சொன்னாள். முன்கட்டில் ஞானசிகாமணி திரும்பிப் பார்த்தார்.

லூப் முடிந்த பிறகு, கையில் இருக்கிற எண்ணிக்கையையும் எழுது என்று ஒரு வரி சேர்த்தாள். தீர்ந்தது. பன்னிரண்டு, இருபத்திரண்டு, ஒன்று, காலுக்கு மூன்று, இருட்டுக் கோட்டுக்கு ஒன்று, கடைசியில் செருப்புக்கு ஒன்று. கூட்டினால் நாற்பது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் திருவிழாக் கூட்டம். பேயைப் பார்க்கத்தான். போடியிலிருந்துகூட ஒரு வேன் வந்திருந்தது. சாராள் சுவிட்சைப் போட்டாள். வெள்ளைப் புடவை, கூப்பிய கை, கால், காலில் செருப்பு. எல்லாம் அச்சு மாதிரி நின்றது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. "கால் இருக்கே!" "இதுக்கா வேன் புடிச்சு வந்தோம்?" ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். ஒருத்தரும் கடைக்குள் ஏறவில்லை.

சுருளிவேல் வேர்த்துப் போனார். "தாயி, அந்தப் பேயைத் திரும்பக் கொண்டாந்துரு!"

"என்னண்ணே சொல்றீங்க? ரெண்டு நாள் நாய் பாடு பட்டு கால் வரவச்சிருக்கேன்!"

அப்போது ராக்கையா டீக்கடையிலிருந்து சத்தம் போட்டார். "அட, சுருளி கடைச் செருப்பைப் போட்டா பேய்க்கே கால் வருதுய்யா!"

கூட்டம் நின்றது. சாராளும் நின்றாள். புதன்கிழமை மாட்டிய பழைய சிப்பு பையிலேயே கிடந்தது. அதை எடுத்து, போர்டில் காலியாக இருந்த இன்னொரு சாக்கெட்டில் செருகி, இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டும்படி ஒயரைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் காலில்லாத பேய். அப்புறம் பளிச்சென்று கால், காலில் செருப்பு. திரும்பப் பேய். திரும்பச் செருப்பு. கூட்டம் விசிலடித்தது. சந்தனம்மாள் எலுமிச்சம்பழத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அளவு எடுக்க உட்கார்ந்தாள். போடி வேன்காரர்கள் ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார்கள்.

ஞானசிகாமணி ரோட்டின் அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தாரோ, சாராளுக்குத் தெரியாது.

மறுநாள் ரீசார்ஜ்காரர் அட்வான்ஸோடு கடைக்கு வந்தார். உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, சம்பிரதாயமாக, பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்.

"பெரியவன் சென்னையில இருக்கான், சின்னவன் கோயமுத்தூர்ல இருக்கான்," என்றார் ஞானசிகாமணி. வழக்கம்போல ஒயரை எடுக்கக் கை நீட்டினார். பின்கட்டில் சாராள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நீட்டிய கை பாதியில் நின்றது.

"கடைசிப் பொண்ணு இங்கனதான் இருக்கு," என்றார். "பின்கட்டு அவளோடது. அது விடுறதுக்கு இல்லய்யா."