விபூதி போட்டுத் துலக்கிய டாலர்

என் தங்கை கணவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அதை அவரே சொல்வார். அவரிடம் இரண்டு வெள்ளி நாணயங்கள் இருந்தன. ஒன்று, முதலீட்டுக்கென்று அவர் புதிதாக வாங்கிய ஓர் அவுன்ஸ் நாணயம். அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட என் தங்கை தொடக்கூடாது. இன்னொன்று அவருடைய அப்பா விட்டுப்போன மலாயாவில் வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து வெள்ளி டாலர். கறுத்துப்போய் டிராயரில் கிடந்தது.

டாலரை விற்கப் புறப்பட்ட அன்று காலை, பூஜைச் சாமானோடு அதையும் விபூதி போட்டு அழுத்தித் துலக்கிவிட்டார் மனிதர்.

"கறுப்பா கொண்டுபோனா எவன் மதிப்பான், மச்சான்?" என்று எனக்குப் பாடம் வேறு.

கிள்ளான் டவுனிலிருந்த நாணயக் கடைக்காரர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"புழக்கத்துல தேயாத காசுண்ணே இது. அந்தக் கறுப்போடவே வந்திருந்தா, சேகரிக்கிறவங்க வெள்ளி விலையப்போல பல மடங்கு குடுப்பாங்க. இப்ப முகம் பூரா கீறல். எடை போட்டு வெள்ளி விலைதான் லா."

மாப்பிள்ளை அசரவில்லை. பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பெருமையாக எடுத்து வைத்தார்.

"இதப் பாருங்க, பாஸ். விரல்கூடப் படல!"

கடைக்காரர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

"இது எப்படி இருந்தாலும் வெள்ளி விலைய ஒட்டித்தாண்ணே போகும். கை அரிச்சா இதத் தேச்சிருக்கலாமே!"