அந்தா வந்துட்டேன்

பிரேமலதாவுக்கு வயது முப்பத்தெட்டு. அதில் பாதி நுஸ்ரத்துக்காகக் காத்திருந்தே கழிந்தது என்று லேபர் கேம்ப் குடியிருப்பில் எல்லோரிடமும் சொல்வாள். இருவரும் படித்தது ஒரே பள்ளிக்கூடம். இப்போது ஒரே அறையில் இரண்டு மெஷின் போட்டுத் துணிப்பை தைக்கிறார்கள். வெட்டுவது பிரேமலதா, கைப்பிடியும் ஜிப்பும் நுஸ்ரத். கல்யாணமாகி விக்ரோலிக்குப் போன பிறகும் நுஸ்ரத் தினமும் ரயிலேறி வந்துவிடுகிறாள். தாமதமாகத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் பிரேமலதா உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஷாலினி. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், ஒரு கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவள். தீபாவளிக்கு ஊழியர்களுக்குக் கொடுக்கும் பைகளுக்கு ஆர்டர் அவள் கையில் இருந்தது. அது கிடைத்தால் வருஷம் முழுக்க வேலை. மாதிரிப் பை நுஸ்ரத்திடம் இருந்தது, நுஸ்ரத்தைத்தான் காணோம்.

"நேக்கு நாழியாறது பிரேமலதா. அந்தேரிக்காரா பையை நேத்தே பாத்தாச்சு. இன்னிக்குள்ள ஒருத்தருக்கு ஓகே சொல்லணும்" என்றாள் ஷாலினி.

போன் அதிர்ந்தது. நுஸ்ரத்துக்குப் போனில் தமிழ் எழுத்து அடிக்க வராது. ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிப்பாள். பிரேமலதா எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தாள்.

"ஏட்டி பிரேமா, கோவப்படாதட்டி, மன்னிச்சிரு. இன்னைக்கி மெகாபிளாக்கு, செம்பூருக்கு ரயிலு கெடையாதுன்னு நெனப்பே இல்லாம குர்லா வந்து முழிச்சிட்டு நின்னேன். ரிக்‌ஷாக்காரனுவ ஒருத்தனும் வரமாட்டேங்கானுவ. இப்பதாம் ஒருத்தன் கிட்டுனான். திலக் நகர் தாண்டியாச்சி, அந்தா வந்துட்டேன். மேடத்துகிட்ட பேச்சு குடுத்துட்டு இரி. சார்ஜ் இல்ல, போன் அணையப் போவுது. சாரிட்டி."

"பாதி புரியலையே. ஏட்டின்னா திட்டா?"

"திட்டில்ல மேடம், எங்கூருப் பக்கம் கூட்டாளிய அப்படித்தாம் கூப்புடுவாவ. கிட்டுனான்னா கெடச்சான்."

"அந்தான்னா?"

"கண்ணுக்குத் தெரியுத தூரம்."

"அப்போ வந்துட்டாளா? உக்காரட்டுமா?" ஷாலினி கிளம்புவதற்கு எடுத்த கைப்பையை மறுபடி மேசையில் வைத்தாள்.

அங்கேதான் பிரேமலதாவுக்குக் கோபம் பொங்கியது. நுஸ்ரத்தின் மெசேஜை எப்படி வாசிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாததா? 'கிளம்பிட்டேன்' என்றால் தலை துவட்டுகிறாள். 'ரயில்ல இருக்கேன்' என்றால் செருப்பைத் தேடுகிறாள். எந்த ஸ்டேஷனைச் சொன்னாலும் அதற்கு முந்தின ஸ்டேஷனில் நிற்கிறாள். சார்ஜ் இல்லை என்பது, திட்டு வாங்காமல் போனை அணைக்கிற பழைய வித்தை. பிரேமலதா அழைத்துப் பார்த்தாள். அணைந்திருந்தது.

"இத நம்பாதீய மேடம்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "திலக் நகர்னா இன்னும் குர்லாவுலதாம் நிக்கா. ரிக்‌ஷாவே கெடச்சிருக்காது. மன்னிச்சிருன்னு ரெண்டு தடவ சொன்னாள்னா தப்பு பெருசு. ஒரு மணி நேரமாவது ஆவும். நீங்க எதுக்கு மேடம் காத்துக் கெடக்கணும்?"

"நன்னாச் சொன்னேள், போங்கோ. நேர்மையாச் சொன்னதுக்குத் தேங்க்ஸ்" என்று ஷாலினி எழுந்தாள். வாசலில் ஆட்டோ ஏறிப் போனாள்.

பிரேமலதா டீயைக் குடித்து முடிக்கவில்லை. முக்காடு நழுவ, பையை நெஞ்சோடு அணைத்தபடி நுஸ்ரத் உள்ளே ஓடி வந்தாள்.

"மேடம் எங்கட்டி?"

"போயிட்டா."

"அந்தா வந்துட்டேன்னு எழுதுனேம்லா?"

"நீ எழுதுறதெல்லாம் என்னைக்கு நெசமா இருந்திருக்கு? ஒரு மணி நேரம் ஆவும்னு சொல்லி அனுப்பிட்டேன்."

நுஸ்ரத்தின் முகம் சிவந்தது. "ரிக்‌ஷாக்காரன் கைகாலப் பிடிக்காத கொறையா வந்திருக்கேன். நெசத்த எழுதிருக்கேன். நீ என்ன செஞ்ச?"

"இன்னைக்கு மட்டும் நெசம்னு எனக்கெப்படிட்டி தெரியும்? பொய்யி சொல்லிப் பழக்குனது யாரு?"

"உனக்குத்தான பொய்யி சொல்லுவேன்! உன்கிட்ட சொன்னா நீ ஏசுவ, அதோட போச்சி. யாரோ ஒரு பொம்பளகிட்ட எம்பேச்சுக்கு நோட்ஸ் போட்டியாக்கும்? இவ பொய்க்காரின்னு வெளக்கம் சொன்னியாக்கும்?"

"கத்தாத. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும்!"

பிரேமலதா ஷாலினியை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. பிறகு பதில் வந்தது: சாரி, அந்தேரிக்காராளுக்கு ஓகே சொல்லியாச்சு, அடுத்த தடவை பார்க்கலாம்.

நுஸ்ரத் அதை எட்டிப் பார்த்து வாசித்தாள். பையைத் தூக்கி மேசையில் எறிந்துவிட்டு இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை காலையில், பிரேமலதா அறையைத் திறப்பதற்கு முன்பே, நுஸ்ரத் வாசலில் நின்றாள். கூடவே ஒரு டெம்போவும் நின்றது. தன் மெஷினை அதில் ஏற்றி விக்ரோலிக்குக் கொண்டுபோய்விட்டாள்.